கான்ட்ராக்ட் முடியும் முன் எழுத வேண்டிய மெயில்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. அலுவலகங்களில் இரண்டு முதலாளிகளுக்கு நடுவே வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர். உட்கார்ந்து வேலை செய்வது கிளையன்ட் நிறுவனத்தில், சம்பளம் வருவது வெண்டர் நிறுவனத்தின் பேரோலில். கான்ட்ராக்ட் முடியும் மாதம் நெருங்கும்போது பெரும்பாலானோர் வெண்டரின் ஹெச்.ஆரிடம்தான் விசாரிப்பார்கள். அவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிந்திருக்காது. வேலை மிச்சமிருக்கிறதா, அதற்குப் பணம் ஒதுக்க முடியுமா என்று சொல்லக்கூடியவர் கிளையன்ட் மேனேஜர். கடிதம் அவருக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் அவர் "சரி" என்று சொன்னதும் கான்ட்ராக்ட் நீண்டுவிடாது. அவர் கோரிக்கை வைக்க வேண்டும், துறைத் தலைவர் பட்ஜெட்டுக்குச் சம்மதிக்க வேண்டும், கொள்முதல் பிரிவு வெண்டருக்குக் கொடுத்த பி.ஓ.வின் தேதியை நீட்ட வேண்டும். அதன் பிறகே வெண்டரிடமிருந்து உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் கடிதம் வரும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், முடிவு தேதிக்கு ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. பல இடங்களில் நுழைவு அட்டையும் லாகினும் பழைய முடிவு தேதியிலேயே தானாக அணைந்துவிடும். பி.ஓ. இல்லாத நாட்களுக்கு வெண்டர் பில் போடவும் முடியாது. "வந்துக்கிட்டே இருங்க, பேப்பர் பின்னால வரும்" என்ற வாய்வார்த்தையை நம்பி வேலை செய்தவர்கள் அந்த நாட்களின் சம்பளத்துக்காக அலைவது இதனால்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் ஒருவரின் கான்ட்ராக்ட் ஜூன் 30 அன்று முடிகிறது. புதிய கிளெய்ம் மென்பொருள் வெளியாவதோ ஆகஸ்டில். அவர் மே முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் அனுப்பும் மெயிலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். என் கான்ட்ராக்ட் ஜூன் 30 அன்று முடிகிறது. கிளெய்ம் பிரிவின் தானியங்கிச் சோதனைகளில் பாதி முடிந்திருக்கிறது. மீதி ஆகஸ்ட் ரிலீசுக்கு முன் முடிய வேண்டும். செப்டம்பர் இறுதிவரை தொடர எனக்கு விருப்பம். நீட்டிப்புக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று மே 22க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நீட்டிப்பு இல்லையென்றால், ஜூன் முதல் வாரத்திலேயே வேலையை ஒப்படைக்கத் தொடங்கிவிடுகிறேன்."

இந்தக் கடிதத்தின் பலம் நடுவில் இருக்கும் வேலை விவரம். பட்ஜெட் கேட்டுப் போகும் மேனேஜரிடம் "இவரை ஏன் இன்னும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் அந்த வரிகளை அப்படியே தன் கோரிக்கையில் ஒட்டிக்கொள்ளலாம். வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பற்றியெல்லாம் எழுதினால் அவர் மனம் இரங்கலாம், ஆனால் பட்ஜெட் படிவத்தில் அதற்கு இடமில்லை. சம்பள உயர்வையும் இதில் கேட்கக் கூடாது. கிளையன்ட் வெண்டருக்குக் கொடுக்கும் தொகை வேறு, உங்கள் கைக்கு வருவது வேறு. அந்தப் பேச்சு வெண்டருடன் நடக்க வேண்டியது. வெண்டர் தரப்பில் உங்களைக் கவனிக்கும் மேனேஜரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, அவரை சிசியில் சேர்த்துவிடுங்கள். தனக்குத் தெரியாமல் கிளையன்ட்டுடன் பேசினார் என்ற சந்தேகம் எழுந்தால், அடுத்த இடத்துக்கு உங்களைப் பரிந்துரைக்க அவர் தயங்குவார்.

"பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோரிக்கை போய்விட்டதா, எப்போது தெரியும் என்று ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் கேளுங்கள். அடுத்த காலாண்டுத் திட்டத்தில் உங்கள் பெயர் இல்லாமல், வேலை விவரங்களை எல்லாம் ஆவணமாக எழுதித் தரச் சொன்னால் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.

சில நிறுவனங்களில் கான்ட்ராக்ட் ஊழியர் ஒரே இடத்தில் இருக்க உச்சவரம்பு உண்டு. அங்கே மேனேஜர் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. அப்போது நிரந்தர இடமோ வேறு குழுவில் வாய்ப்போ இருக்கிறதா என்று கேட்கலாம். அதற்கு முன் வெண்டரிடம் ஒன்றை விசாரிக்க வேண்டும்: தன் ஆட்களைக் கிளையன்ட் நேரடியாக எடுக்கக் கூடாது, எடுத்தால் கட்டணம் தர வேண்டும் என்ற நிபந்தனை அவர்கள் இருவருக்கும் இடையே இருக்கிறதா? இருந்தால், கடிதத்தில் "வெண்டரின் சம்மதத்துடன்" என்ற சொற்களைச் சேருங்கள். பணியிடம் காலியில்லை என்று பதில் வந்தாலும், உங்களைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டு, அவருடைய தொடர்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். லாகின் அணைந்துவிட்டால் அந்த மெயில் பெட்டியை மறுபடி திறக்க முடியாது.