நூற்பாலையும் வீட்டுக்கடன் நிறுவனமும் வட்டியை மாற்றிக்கொண்டால்

இரண்டு நிறுவனங்கள் தலா 100 கோடி ரூபாய் கடன் வாங்கப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மிக உயர்ந்த ரேட்டிங் உள்ள பெரிய வீட்டுக்கடன் நிறுவனம். இன்னொன்று, புதிய இயந்திரங்கள் போடும் நடுத்தர நூற்பாலை. அதன் ரேட்டிங் சுமார்தான். வீட்டுக்கடன் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு மாறும் வட்டியில் கடன் கொடுத்திருக்கிறது. அது வாங்கும் கடனும் மாறும் வட்டியில் இருந்தால்தான் வரவும் செலவும் ஒன்றாக ஏறி இறங்கும். நூற்பாலையின் தேவை இதற்கு நேர்மாறானது. பஞ்சு விலையும் நூல் விலையும் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாத தொழிலில், வட்டியாவது ஐந்து வருடத்துக்கு அசையாமல் நிற்கட்டும் என்று அதன் முதலாளி நினைக்கிறார்.

இருவருக்கும் சந்தையில் என்ன வட்டி கேட்கிறார்கள் என்று பார்ப்போம். கணக்கு புரிவதற்காக நானே வைத்த எண்கள் இவை. ஐந்து வருட நிலை வட்டிக்கு வீட்டுக்கடன் நிறுவனத்திடம் 8 சதவீதம் கேட்கிறார்கள், நூற்பாலையிடம் 9.5 சதவீதம். மாறும் வட்டி என்றால் முன்னவருக்கு மிபார் விகிதத்துக்கு மேல் 0.3 சதவீதம், பின்னவருக்கு மிபாருக்கு மேல் 1 சதவீதம். வங்கிகள் ஓர் இரவுக்குத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் வட்டியைக் காட்டும் மும்பைச் சந்தை விகிதம்தான் மிபார். ஒவ்வொரு நாளும் மாறக்கூடியது.

இரண்டு வகைக் கடனிலும் வீட்டுக்கடன் நிறுவனத்துக்குத்தான் வட்டி குறைவு. அப்படியென்றால் அதற்கு நூற்பாலையால் என்ன லாபம்? இடைவெளிகளைப் பார்த்தால் தெரியும். நிலை வட்டியில் இருவருக்கும் இடையே 1.5 சதவீதம் வித்தியாசம். மாறும் வட்டியிலோ 0.7 சதவீதம்தான். நூற்பாலை இரண்டிலும் பின்தங்கியிருந்தாலும், மாறும் வட்டியில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. இரண்டு இடைவெளிகளுக்கும் நடுவே இருக்கும் 0.8 சதவீதம்தான் பங்கு போட்டுக்கொள்ளக் கிடைக்கும் மொத்தத் தொகை. இரு நாடுகளின் வணிகத்தை வைத்து டேவிட் ரிக்கார்டோ 1817-இல் சொன்ன ஒப்பீட்டு அனுகூலம் என்ற வாதத்தையே இங்கே கடனுக்குப் பொருத்துகிறார்கள்.

அதன்படி, ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய கடனை விட்டுவிட்டு, தனக்கு ஒப்பீட்டளவில் மலிவாகக் கிடைக்கும் கடனை வாங்குகிறார்கள். வீட்டுக்கடன் நிறுவனம் 8 சதவீத நிலை வட்டியில் கடன் பத்திரம் வெளியிடுகிறது. நூற்பாலை ஒரு வங்கியில் மிபாருக்கு மேல் 1 சதவீதத்தில் கடன் வாங்குகிறது. பிறகு வட்டியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர்தான் வட்டி ஸ்வாப். இந்தியாவில் இதை ரிசர்வ் வங்கி 1999 ஜூலையில் அனுமதித்தது.

இருவரும் நேரில் சந்தித்துக் கையெழுத்துப் போடுவதில்லை. நடுவில் ஒரு வங்கி நிற்கிறது. நூற்பாலை அந்த வங்கிக்கு ஐந்து வருடம் 8.15 சதவீத நிலை வட்டி தர வேண்டும். வங்கி பதிலுக்கு மிபார் விகிதத்தைத் தரும். இன்னொரு பக்கம், வங்கி வீட்டுக்கடன் நிறுவனத்துக்கு 8.05 சதவீதம் தரும்; அந்த நிறுவனம் மிபாரை வங்கிக்குத் தரும். வாங்கும் 8.15-க்கும் கொடுக்கும் 8.05-க்கும் இடையே உள்ள 0.10 சதவீதம் வங்கியின் கூலி. ஒரு பக்கத்தார் பணம் தராமல் போனாலும் மறுபக்கத்தாருக்கு வங்கி தந்தே ஆக வேண்டும் என்பதால், அதைச் சும்மா வாங்கும் பணம் என்று சொல்ல முடியாது.

100 கோடி ரூபாய் இந்த ஒப்பந்தத்தில் கை மாறுவதே இல்லை. வட்டியைப் பெருக்கிப் பார்க்க அது ஒரு கணக்குத் தொகை, அவ்வளவுதான். இரு பக்க வட்டியும்கூட முழுதாகக் கை மாறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வித்தியாசத்தை மட்டும் யார் தர வேண்டுமோ அவர் தந்துவிடுகிறார்.

முதல் ஆறு மாதத்தில் மிபார் 7 சதவீதமாக இருந்தது என்று கொள்வோம். நாள்தோறும் கூட்டு வட்டி போடும் நுணுக்கத்தை இங்கே விட்டுவிடுகிறேன். நூற்பாலை தர வேண்டிய நிலை வட்டி 4 கோடியே 7.5 லட்சம். அதற்கு வர வேண்டியது 3.5 கோடி. ஆக, அது வங்கிக்கு 57.5 லட்சம் தருகிறது. தனக்குக் கடன் கொடுத்தவருக்கு 8 சதவீதக் கணக்கில் 4 கோடி வட்டி கட்டுகிறது. மொத்தச் செலவு 4 கோடியே 57.5 லட்சம், ஆண்டுக் கணக்கில் 9.15 சதவீதம். நேரடியாக 9.5 சதவீதத்தில் வாங்கியிருந்தால் 4 கோடியே 75 லட்சம் கட்டியிருக்கும். அரையாண்டில் 17.5 லட்சம் மிச்சம்.

வீட்டுக்கடன் நிறுவனம் தன் பத்திரதாரர்களுக்கு 4 கோடி வட்டி கட்டுகிறது, வங்கியிடமிருந்து 52.5 லட்சம் வாங்குகிறது. கையிலிருந்து போனது 3 கோடியே 47.5 லட்சம். மிபாருக்கு மேல் 0.3 சதவீதத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் 3 கோடியே 65 லட்சம் ஆகியிருக்கும். இதற்கும் 17.5 லட்சம் மிச்சம். நடுவில் வங்கிக்கு 5 லட்சம் நிற்கிறது. மூவருக்கும் கிடைத்ததைக் கூட்டினால் 40 லட்சம். 100 கோடிக்கு ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்பது அரையாண்டுக்குச் சரியாக அதுதான்.

இரண்டு வருடம் கழித்து மிபார் 10 சதவீதத்துக்கு ஏறினால்? நூற்பாலை தன் கடனுக்கு 11 சதவீதம், அதாவது அரையாண்டுக்கு 5.5 கோடி கட்ட வேண்டும். ஆனால் இப்போது பணம் வரும் திசை மாறிவிட்டது. வங்கி அதற்கு 92.5 லட்சம் தருகிறது. கழித்துப் பார்த்தால் அதே 4 கோடியே 57.5 லட்சம். வீட்டுக்கடன் நிறுவனம் இந்த முறை 97.5 லட்சம் கொடுக்கிறது. ஆனால் அதன் வாடிக்கையாளர்களின் வட்டியும் ஏறியிருக்கும் என்பதால் அடி விழவில்லை.

இதுவரை சொன்னது வங்கி மேலாளர் ஒரு தாளில் வரைந்து காட்டும் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த 0.8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அந்தத் தாள் கேட்பதில்லை. எல்லோருக்கும் லாபம் என்றால், யாரோ எங்கோ எதையோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

நிலை வட்டியில் ஏன் 1.5 சதவீத இடைவெளி, மாறும் வட்டியில் ஏன் 0.7 மட்டும்? ஐந்து வருடத்துக்கு ஒரே வட்டி என்று பத்திரம் வாங்குபவர், நடுவில் நூற்பாலை நொடித்தாலும் வட்டியை ஏற்ற முடியாது. அந்தப் பயத்தையும் சேர்த்து அவர் முதலிலேயே விலை வைத்துவிடுகிறார். மாறும் வட்டியில் கடன் கொடுக்கும் வங்கி அப்படி இல்லை. வருடாவருடம் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறது. ரேட்டிங் இறங்கினால், மிபாருக்கு மேல் தான் வைத்த 1 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள ஒப்பந்தத்தில் அதற்கு உரிமை இருக்கும். கடனைப் புதுப்பிக்க மறுக்கவும் இடம் இருக்கும். அந்த உரிமை கையில் இருப்பதால்தான் அது குறைவாகக் கேட்கிறது. நூற்பாலைக்குக் கிடைத்த சலுகையில் பெரும்பங்கு, அது ஏற்றுக்கொண்ட இந்த ஆபத்துக்கான கூலியே.

இதன் விளைவை நம் கணக்கிலேயே பார்க்கலாம். மூன்றாம் வருடம் நூல் சந்தை படுத்து, ரேட்டிங் இறங்கி, வங்கி தன் 1 சதவீதத்தை 2 ஆக்குகிறது. ஸ்வாப்பில் நூற்பாலைக்கு வருவது மிபார் மட்டுமே. கூடுதல் 1 சதவீதத்தை யாரும் தர மாட்டார்கள். 9.15 இப்போது 10.15 ஆகிவிடும். நேரடியாக நிலை வட்டிக்கு வாங்கியிருந்தால் 9.5-லேயே இருந்திருக்கலாம். ஐந்து வருடத்துக்கு வட்டியைக் கட்டிப்போட்டதாக முதலாளி நினைத்தார். கட்டுக்குள் இருந்தது மிபார் மட்டும்தான். தன் சொந்தப் பெயரின் விலை கட்டுக்குள் இல்லை. இந்தக் கணக்கில் நூற்பாலைக்காரர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். வீட்டுக்கடன் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் 8 சதவீதப் பத்திரம் ஐந்து வருடமும் 8 சதவீதம்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நம் நாட்டில் பல தொழில் கடன்களின் வட்டி மிபாரைப் பின்பற்றுவதில்லை. வங்கிகள் தாங்களே நிர்ணயிக்கும் எம்.சி.எல்.ஆர். என்ற விகிதத்தோடு அவை கட்டப்பட்டிருக்கும். மிபார் வேகமாக இறங்கும், எம்.சி.எல்.ஆர். நிதானமாக இறங்கும். அந்த மாதங்களில் ஸ்வாப்பில் வருவது குறையும், கடனுக்குக் கட்டுவது குறையாது. வரவும் செலவும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே விகிதத்தில், ஒரே தேதிகளில் ஓட வேண்டும்.

நடுவில் வெளியேற நினைத்தால் என்ன ஆகும்? நூற்பாலைக்கு நல்ல காலம் வந்து, மூன்று வருடம் மீதமிருக்கும்போதே வங்கிக் கடனை அடைத்துவிடுகிறது. ஸ்வாப் வேறு ஒப்பந்தம். கடன் தீர்ந்தாலும் அது தீராது. அப்போது இதே போன்ற ஸ்வாப்பின் நிலை வட்டி 6.15 சதவீதமாக இறங்கியிருந்தால், நூற்பாலை ஆண்டுக்கு 2 சதவீதம், அதாவது 2 கோடி அதிகமாகக் கட்டும் நிலையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6 கோடி. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தாலும் 5 கோடிக்கு மேல் கொடுத்தால்தான் விலக முடியும். விலகாமல் விட்டால் அடியில் கடன் இல்லாத ஸ்வாப் கையில் இருக்கும். அதன் பிறகு அது பாதுகாப்பு அல்ல, வட்டி ஏறும் என்று கட்டிய பந்தயம்.

அப்படிப் பந்தயமாகவே நடந்த பெரிய கதை லண்டனில் உண்டு. ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் என்ற உள்ளாட்சி மன்றம் 1980-களில் தன் உண்மையான கடனைப்போலப் பல மடங்கு, சுமார் 600 கோடி பவுண்ட் கணக்குத் தொகைக்கு ஸ்வாப் ஒப்பந்தங்கள் போட்டது. வட்டி இறங்கும் என்று எதிர்பார்த்தது, ஏறியது. ஓர் உள்ளாட்சி மன்றத்துக்கு இப்படி ஒப்பந்தம் போடச் சட்டத்தில் அதிகாரமே இல்லை என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1991-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்கள் செல்லாமல் போயின; எதிர்ப்பக்கம் இருந்த வங்கிகள் நஷ்டப்பட்டன.

நம் பக்கத்தில் 2007-08-இல் திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர்கள் பலர் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் இழந்த பணத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் பல, வெளிநாட்டு நாணயங்களின் விலையை ஒட்டிய சிக்கலான ஒப்பந்தங்கள். இங்கே விளக்கிய எளிய வட்டி ஸ்வாப் அந்த ரகம் அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்து இதைக் கண்டு ஓட வேண்டியதில்லை.

உங்கள் நிறுவனத்துக்கு ஒரு வங்கி இதைக் கொண்டுவந்தால், எவ்வளவு மிச்சம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. என் கடனும் இந்த ஸ்வாப்பும் ஒரே விகிதத்தில்தான் ஓடுகின்றனவா? அடிப்படை விகிதத்துக்கு மேல் என்னிடம் வாங்கும் மார்ஜினை ஐந்து வருடத்துக்கு ஏற்ற மாட்டேன் என்று கடன் கொடுத்தவர் எழுதித் தருவாரா? நடுவில் கடனை அடைத்தால் இதிலிருந்து விலக என்ன செலவாகும்? இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், உங்களுக்குக் கிடைப்பது நிலை வட்டி அல்ல என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.