வேலிக்குள் எத்தனை செடி வகை?

வடசீனப் புல்வெளியில் ஆடுகள் நுழையாதபடி வேலி போட்டால் செடி வகைகள் கூடுமா, குறையுமா? ஆய்வுகள் இரண்டு விதமாகவும் சொல்கின்றன. மேய்ச்சல் நின்றதும் மிதிபட்ட செடிகள் மீளலாம். ஆண்டுகள் போனால், உயர்ந்த புற்கள் நிழலிட்டுச் சிறு செடிகளை ஒடுக்கிவிடலாம்.

இந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவோர், தேடத் தொடங்கும் முன்பே விதிகளை எழுதி வெளியிடுகிறார்கள். வேலிக்கு உள்ளும் வெளியும் ஒரே வகை மண், ஒரே அளவு சதுரம் இருந்தால்தான் ஓர் ஆய்வைச் சேர்க்கலாம். வெளியே 1 சதுர மீட்டரில் 12 வகை, உள்ளே 4 சதுர மீட்டரில் 18 வகை என்றால், வேலியால் கூடியது எது, பரப்பால் கூடியது எது என்று பிரிக்க முடியாது. வேலியின் வயதையும் தனியே குறிக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்றினால், விரும்பிய விடைதான் கிடைக்கும்.