காது பிடிக்கும் பிழை

சிறுவர் இதழுக்கு அனுப்ப ஒரு மாணவர் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பத்தி இது:

"எங்கள் வீட்டுச் சுவரில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வரிசையின் குறுக்கே விரலால் தேய்த்தேன். அப்போது எறும்புகள் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. சில எறும்புகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து எறும்புகள் மறுபடியும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுவரில் எறும்புகள் விட்ட மனத்தை என் விரல் அழித்துவிட்ட காரணத்தினால் எறும்புகளால் வழியைக் கண்டுபிடிக்க இயலாத நிலை ஏற்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டேன்."

மனதுக்குள் படித்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. இப்போது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "கொண்டிருந்தன, கொண்டிருந்தன" என்று நான்கு முறை காதில் விழுகிறது, இல்லையா? கடைசி வாக்கியத்தில் மூச்சும் முட்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதது காதுக்கு எப்படித் தெரிந்தது? படிக்கும்போது நம் கண் வரியின் மேல் சீராக நகர்வதில்லை. தவளை போலத் தாவித் தாவிப் போகிறது. ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் நடுவே சுமார் கால் நொடி நிற்கிறது. நிற்கும்போதுதான் எழுத்து தெரியும். 1879-இல் எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மன் அறிஞர், படிப்பவரின் இமைமேல் ரப்பர் குழாயை வைத்து ஒட்டுக்கேட்டார். கண் தாவும்போதெல்லாம் கண் தசைகளின் சிறு சத்தம் அவருக்குக் கேட்டது. கண் தாவுவதையே காதால் கண்டுபிடித்திருக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது.

தாவும் கண் சின்னச் சொற்கள் பலவற்றின் மேல் நிற்பதே இல்லை. விட்டதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதுவும் நாமே எழுதியது என்றால், அடுத்து என்ன வரும் என்று மூளைக்கு முன்பே தெரியும். ஆகவே தாளில் இருப்பதை விட்டுவிட்டு, நாம் எழுத நினைத்ததைப் படித்துவிடுகிறது.

வாய் அப்படித் தாவ முடியாது. ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்துத்தான் ஆக வேண்டும். சொன்னது காது வழியாகத் திரும்பி வருகிறது. கேட்ட ஒலி மனதில் சில நொடி தங்கும். அதற்குள் அதே ஒலி மறுபடி வந்தால் உடனே உறுத்தும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், இந்த உறுத்தல் வாக்கிய முடிவுகளில்தான் அதிகம் கேட்கும். மூச்சும் உதவுகிறது. வெளிவிடும் மூச்சில்தான் நாம் பேசுகிறோம். வாக்கியம் முடியும் முன் மூச்சு தீர்ந்துவிட்டால் அதை வெட்ட வேண்டும்.

படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வையுங்கள். இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அங்கேயே நின்று திருத்தினால் ஓட்டம் அறுந்துபோகும், அடுத்த குறை கேட்காது. கோடு போட்ட இடங்களைத் திருத்திய பிறகு அந்தப் பத்தி இப்படி ஆகலாம்:

"எங்கள் வீட்டுச் சுவரில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குறுக்கே விரலால் தேய்த்தேன். முன்னால் வந்தவை வழி தெரியாமல் நின்றன. சில திரும்பி ஓடின. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே வரிசை! எறும்புகள் போகும் வழியில் ஒரு மனத்தை விட்டுச் செல்லும். என் விரல் அதை அழித்துவிட்டது. அதனால்தான் அந்தத் திண்டாட்டம்."

முதலில் ஆறு இடங்களில் இருந்த எறும்பு, இப்போது இரண்டே இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிடக் கூடாது. எறும்புக்கு வேறு பெயர் தேடி "சிற்றுயிர்கள்" என்று போட்டால் படிப்பவர் குழம்புவார். திரும்ப வரும் சொல் எல்லாமே குற்றம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். சுமாரான வாக்கியத்தைக்கூட அவர் குரலாலேயே அழகாக்கிவிடுவார். ஆகவே கட்டுரையைப் பார்க்காத அக்காவிடமோ நண்பனிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, நீங்கள் கேளுங்கள். அவர் தயங்கும் இடமும், திரும்பப் போய்ப் படிக்கும் இடமும் திருத்த வேண்டியவை.

காதுக்கும் எட்டாத பிழை இருக்கிறது. மேலே இரண்டு பத்திகளிலும் "மனத்தை" என்று இருப்பதைக் கவனித்தீர்களா? எறும்பு விட்டுச் செல்வது மணம், அதாவது வாசனை. "மணத்தை" என்று இருக்க வேண்டும். பேசும்போது நம்மில் பலர் 'ன', 'ண' இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அதனால் எத்தனை முறை வாய்விட்டுப் படித்தாலும் இந்தப் பிழை காதில் விழாது. ர–ற, ல–ள கூட அப்படித்தான். இவற்றுக்காக மட்டும் இன்னொரு முறை, வாயை மூடிக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அகராதியைத் திறங்கள்.