பாதியில் வருபவருக்கான படம்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழையும் கூட்டத்தின் காதில் எந்தக் கடையின் விளம்பரமும் தனியாக விழாது. எல்லாச் சத்தமும் கலந்து ஒரே இரைச்சல். அதனால்தான் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் டிவி ஊமையாக ஓடுகிறது. குரல் சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்துகள் சொல்கின்றன.

பல கடைகள் சறுக்குவது இங்கேதான். தொலைக்காட்சிக்காக எடுத்த 30 விநாடி விளம்பரத்தின் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, அதையே கண்ணாடியில் ஓட விடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் படம் முதலிலிருந்து ஓடும். புடவை, குடும்பச் சிரிப்பு, மத்தாப்பு எல்லாம் முடிந்து கடைசியில் தள்ளுபடி வந்தால் போதும். தெருவில் போகிறவருக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அவர் எப்போதும் பாதியில்தான் வருகிறார்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போகிறார். ஆறு மீட்டர் தூரத்துக்குத் திரை அவர் கண்ணில் படுகிறது என்றால், கையில் இருப்பது 5 விநாடி. தள்ளுபடி வாசகம் படத்தின் கடைசி 4 விநாடியில் மட்டும் வருகிறது. அதைப் படிக்க 2 விநாடியாவது வேண்டும். அப்படியானால் 30 விநாடிப் படத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் தள்ளுபடி தெரியும். மற்ற ஐந்து பேர் பார்த்தது யாரோ சிரிக்கும் படம். அதையே 12 விநாடியாகச் சுருக்கினால் பன்னிரண்டில் ஐந்து பேர் படித்துவிடுவார்கள். முன்னேற்றம்தான், ஆனாலும் பாதிகூட இல்லை.

தீர்வு எளிது: தள்ளுபடி எழுத்தைத் திரையைவிட்டு இறக்கவே கூடாது. பின்னால் புடவை மாறட்டும், வேட்டி மாறட்டும். ‘தீபாவளி தள்ளுபடி 30%’ அப்படியே நிற்க வேண்டும். படம் எடுத்த இயக்குநருக்கு இது பிடிக்காது. பணம் கொடுக்கும் முதலாளி பிடிவாதமாக இருக்கலாம்.

அடுத்தது எழுத்தின் அளவு. பெயர்ப்பலகை எழுதுவோர் வைத்திருக்கும் பழைய கணக்கு, 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். எதிர்ச்சாரியில் 10 மீட்டர் தள்ளி நடப்பவர் படிக்க எட்டரை சென்டிமீட்டர் வேண்டும். 55 அங்குல டிவியைச் செங்குத்தாக நிறுத்தினால் அகலம் 68 சென்டிமீட்டர். ‘தள்ளுபடி’ ஒரு வரியில் அடங்கும். ‘தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடி’ அடங்காது. எனவே தீபாவளி ஒரு வரி, தள்ளுபடி ஒரு வரி, எண் இவை இரண்டையும்விடப் பெரிதாக. தடித்த எழுத்துருவில் இன்னொரு தொல்லை உண்டு: ளு, ணு போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கணினித் திரையில் சரியாகத் தெரிகிறது என்று நம்பக் கூடாது. எதிர் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

பண்டிகைக் கூட்டத்தில் திரையின் கீழ்ப்பகுதியைத் தலைகள் மறைக்கும். வாசகம் மேல் பாதியில் இருப்பதே நல்லது. கீழே புடவைக் கரை ஓடட்டும். பகலில் வேறு சிக்கல். வீட்டு டிவியின் வெளிச்சம் பெரும்பாலும் 300, 400 நிட் அளவுதான். வெயில் விழும் கண்ணாடிக்கென்றே விற்கும் திரைகள் 2,500 நிட்டும் அதற்கு மேலும் தருகின்றன, விலையும் அதற்கேற்ப. மேற்குப் பார்த்த கடையில் சாதாரண டிவியை வைத்தால், மாலை நாலு மணிக்குத் திரையில் எதிர்க்கடைதான் தெரியும்.

படத்தைப் பென் டிரைவில் போட்டு ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பு முடிந்து மறுபடி தொடங்கும்போது பல டிவிகளில் ஓரிரு விநாடி திரை இருண்டு, கோப்பின் பெயர் எட்டிப்பார்க்கும். 12 விநாடிக்கு ஒருமுறை இது நடந்தால் டிவி கெட்டுவிட்டது போலிருக்கும். அதே 12 விநாடியை 150 முறை அடுக்கி அரை மணி நேரக் கோப்பாக்கிவிட்டால், அந்த இருட்டு அரை மணிக்கு ஒருமுறைதான்.

‘50% வரை’ என்று எழுதும்போது ‘வரை’ என்பதை எறும்பு அளவில் போடும் பழக்கம் இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, சொன்ன விலைக்குப் பொருளை விற்க நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆள் இழுக்கக் கூடாது. கையிருப்பு குறைவு என்றால் அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆறேழு புடவைக்கு மட்டும் பாதி விலை என்றால், அந்த விவரமும் தள்ளுபடி எழுத்தோடு திரையில் நிற்க வேண்டும், எதிர்ச்சாரியிலிருந்து படிக்கும் அளவில்.