மாற்றலாகி வரும் பிள்ளைக்கு இடம் கேட்டு முதல்வரைச் சந்திக்க...

ஜூலை மாதம் மாற்றல் உத்தரவு வந்து, புது ஊரில் இருக்கும் பள்ளிக்குப் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஒன்பதாம் வகுப்பு ஃபுல் ஆயிடுச்சு சார், அடுத்த வருஷம் பாருங்க." பதில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் பட்டியலில் எல்லாப் பிரிவும் நிறைந்துதான் இருக்கும். ஆனால், அந்தப் பட்டியலைத் தாண்டி முடிவெடுக்கும் அதிகாரம் அலுவலகத்துக்குக் கிடையாது. அது முதல்வரிடம் இருக்கிறது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒரு பிரிவுக்கு 40 மாணவர்கள் என்பது வாரியத்தின் வரம்பு. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் கல்வியாண்டின் நடுவில் வரும் பிள்ளை போன்ற விதிவிலக்கான நேர்வுகளில் 45 வரை சேர்த்துக்கொள்ள வாரியம் 2023-ல் வழிவிட்டது. அப்படிச் சேர்த்தால், அதற்கான காரணத்தைப் பள்ளி பதிவு செய்து வைக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகப் பள்ளி மாற நினைப்பவருக்கு இந்தச் சலுகை உதவாது. மாற்றல் உத்தரவோடு வருபவருக்கு உதவும். எனவே, முதல்வரைச் சந்திக்க நேரம் கேட்கும் கடிதத்தின் முதல் வரியிலேயே "பணியிட மாற்றம்" என்ற காரணம் இருக்க வேண்டும்.

புனேயிலிருந்து கோவைக்கு மாற்றலாகும் ஒரு வங்கி ஊழியரின் குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மகள் அங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாம் மொழி இந்தி. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அப்பா கோவைப் பள்ளிக்கு அனுப்பும் மின்னஞ்சல் இந்த அளவில் இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். பணியிட மாற்றத்தால் ஆகஸ்ட் 4 அன்று கோவையில் பொறுப்பேற்கிறேன். புனேயில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குத் தங்கள் பள்ளியில் இடம் கேட்டுத் தங்களைச் சந்திக்க விரும்புகிறேன். இரண்டாம் மொழி இந்தி. மாற்றல் உத்தரவு, எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இந்த ஆண்டின் முதல் தேர்வு மதிப்பெண்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஜூலை 24 அல்லது 25 அன்று மகளுடன் கோவையில் இருப்போம். அந்த நாட்களில் தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவித்தால் வந்து பார்க்கிறோம்."

இதில் பிள்ளையின் அருமை பெருமைகள் எதுவும் இல்லை. வகுப்பு, வாரியம், மொழி, காரணம், தேதி ஆகிய ஐந்தும் தெரிந்தால், முதல்வரால் சந்திப்புக்கு முன்பே வகுப்பாசிரியரிடமும் மொழி ஆசிரியரிடமும் பேசி வைத்துக்கொள்ள முடியும். இரண்டு நாட்களைக் குறிப்பிட்டுக் கேட்பதும் அலுவலகத்துக்கு வசதி. முதல்வரின் நாட்குறிப்பைப் பார்த்து ஒன்றை உறுதி செய்துவிடுவார்கள். இரண்டு மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால், அலுவலகத்துக்குப் போன் செய்து மின்னஞ்சல் அனுப்பிய தேதியைச் சொல்லி விசாரிக்கலாம். காலை வழிபாட்டு நேரத்திலும், பள்ளி விடும் நேரத்திலும் அழைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

சந்திப்பில் இடம் உண்டா இல்லையா என்பதைவிட அதிக நேரம் கொடுத்துப் பேச வேண்டிய விஷயம் மொழி. ஒன்பதில் எடுக்கும் பாடங்களைத்தான் வழக்கமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் எழுத வேண்டியிருக்கும். புனே மாணவியின் இரண்டாம் மொழி மராத்தியாக இருந்தால், கோவையில் அதற்கு ஆசிரியர் கிடைப்பது கடினம். தமிழை எழுத்திலிருந்து தொடங்கி இரண்டே ஆண்டில் பொதுத்தேர்வு எழுதுவது பெரிய சுமை. இந்தியாக இருந்தாலும் கவலை முழுக்கத் தீர்ந்துவிடாது. சி.பி.எஸ்.இ.யில் இந்திக்கு 'ஏ', 'பி' என இரு பாடப்பிரிவுகள் உண்டு. அவற்றின் பாடத்திட்டம் வேறு, வினாத்தாளும் வேறு. "இந்தி இருக்கு" என்ற பதிலோடு எழுந்து வந்துவிட்டு, அரையாண்டில் புத்தகமே வேறு என்று தெரியவந்தால் பிள்ளைதான் தவிக்கும். எந்தப் பிரிவு, எந்தப் புத்தகம், இதுவரை எத்தனை பாடம் முடிந்திருக்கிறது என்று கேட்டு, பழைய பள்ளியின் நோட்டுகளை அங்கேயே காட்டிவிடலாம்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி ஒரு சிறு தேர்வு வைத்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நுழைவுத் தேர்வைத் தடுப்பது எட்டாம் வகுப்பு வரைதான். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் விஷயம் இன்னும் கறாரானது. அங்கே பள்ளி ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. வாரியத்தின் அனுமதியும் வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. அந்த வகுப்புகளுக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரமே கடிதம் போய்விட வேண்டும்.

பல குடும்பங்கள் சறுக்குவது மாற்றுச் சான்றிதழில். வீட்டைக் காலி செய்கிற பரபரப்பில், எல்லா வேலைக்கும் முன்னால் பழைய பள்ளியில் டி.சி.யை வாங்கிவிடுகிறார்கள். டி.சி. எழுதியதும் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். புதுப் பள்ளியில் இடம் உறுதியாகாவிட்டால், பிள்ளைக்கு அங்கேயும் பள்ளி இல்லை, இங்கேயும் இல்லை. சரியான வரிசை வேறு: முதலில் சந்திப்பு, பிறகு இடம் உண்டு என்பதற்கு எழுத்து வடிவில் உறுதி, ஒரு மின்னஞ்சலாக இருந்தாலும் போதும், அதன் பிறகே டி.சி.க்கு விண்ணப்பம். சந்திப்புக்குப் போகும்போது, பிள்ளை அங்கே படிக்கிறாள் என்பதற்குப் பழைய பள்ளி தரும் படிப்புச் சான்றிதழை எடுத்துப் போனால் போதும்.

டி.சி. தாமதமானால் என்ன செய்வது? எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினால், டி.சி. வரவில்லை என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு: கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி பற்றிய குறிப்பையும் அதில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது.

காகிதத்தில் டி.சி. வந்த பிறகும் கணினியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். நாடு முழுவதும் பள்ளி மாணவர் விவரங்கள் UDISE+ தளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் PEN என்ற நிரந்தர எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்தால்தான் புதுப் பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. வாங்கும் நாளிலேயே PEN எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்திலும் விடுவித்தாயிற்றா என்று கேட்டுவிட்டால் ஊர் மாறிய பிறகு புனேவுக்குப் போன் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெயரையும் சரிபார்க்க வேண்டும். அந்த ஆண்டில்தான் பள்ளி, மாணவரின் விவரங்களை வாரியத்தில் பதிவு செய்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாவது அதுதான். மகாராஷ்டிரத்தில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரும் குடும்பப் பெயரும் சேரும். நம் ஊரில் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, டி.சி.யில் வேறு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி என்று இருந்தால், எதைப் பதிவு செய்வார்கள் என்று முதல்வரின் அறையிலேயே கேட்டுவிடலாம். பதிவுக்கு முன்பு பள்ளி காட்டும் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் அச்சான பிறகு ஒரு எழுத்தை மாற்றுவதற்கும் வாரியத்துக்கு விண்ணப்பம், ஆவணம், கட்டணம் என்று அலைய நேரும்.