குருத்தோலையின் ஓராண்டு

பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை நின்ற காலத்தில், குருத்து ஞாயிறுக்கு ஓலை உள்ளூரிலேயே கிடைத்தது. பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தெடுத்தால் மரம் நலிந்துவிடும். ஆகவே மரத்துக்கு ஒன்று என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். அந்த வரப்புகள் இன்று வீட்டுமனைகள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவிப்பதற்குள் இங்கே பல மரங்கள் போய்விட்டன. இப்போது பவனியில் அதிகம் தெரிவது தென்னங்குருத்து, கல்யாணத் தோரணத்துக்கு வருகிற அதே ஓலை.

பவனியும் சுருங்கிவிட்டது. ‘ஓசன்னா’ பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது, வண்டி நெரிசலில் பல இடங்களில் கோயில் வளாகத்தைச் சுற்றி வருவதோடு நின்றுவிடுகிறது. ஊரடங்கில் வந்த 2020 ஏப்ரல் 5 அன்று அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலுவை மடிப்பது மட்டும் மாறவில்லை. ஓலையின் ஈர்க்கை உருவிவிட்டு அன்றைக்கே மடித்துவிட வேண்டும். இரண்டு நாள் போனால் மடிக்கிற இடத்தில் ஒடியும். தள்ளிப்போடுகிறவர்கள் ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். மடித்த சிலுவை அந்தக் காலத்தில் கூரை இறவாணத்திலும் நெல் குதிரிலும் செருகப்பட்டது. இடி இடித்தால் ஒரு துண்டைக் கிள்ளி அடுப்பில் போடுகிற பாட்டிமார் இருந்தார்கள். இன்று அது திரு இருதயப் படத்தின் பின்னாலோ வாசல் நிலைக்கு மேலோ இருக்கிறது.

சிக்கல் பழைய ஓலையில்தான். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் விறகடுப்பும் இல்லை, கொல்லையும் இல்லை. எனவே சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் கோயிலில் வைக்கும் பெட்டிதான் வழி. அதில் ஓலையோடு சரிகை நாடா, பிளாஸ்டிக் பூ, செல்லோடேப் எல்லாம் வந்துவிடுகின்றன. அவற்றைப் பிரிக்காமல் எரித்தால் உருகிப் பிசினாகிச் சாம்பலே வீணாகும்.

நன்றாகக் காய்ந்த ஓலையைச் சிறு துண்டாகக் கிழித்து, இரும்புச் சட்டியில், திறந்த வெளியில் எரிப்பார்கள். ஈரம் இருந்தால் புகைதான் வரும். நெற்றியில் நன்றாகப் பதிவது கருஞ்சாம்பல். அதைப் பொடித்து மெல்லிய துணியில் சலிப்பார்கள். அளவு மீறி எரிந்து வெளுத்த சாம்பலில் காரம் அதிகம். அதில் நீர் விட்டுக் குழைத்தால் தோல் எரியும், புண்ணாகவும் ஆகலாம். நெற்றி அரித்துச் சிவந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். சாம்பலை உலர்வாகவே வைப்பது நல்லது. ஒட்ட வேண்டுமென்றால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

பெட்டி வைக்கும் நாளைத் தவறவிட்டவர்கள் ஓலையைப் பொடியாக நறுக்கிப் பூத்தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம். நாடாவை மட்டும் முதலில் அவிழ்த்துவிடுங்கள்.