ஏழு ரூபாய் ஜிபி, பதினேழு ரூபாய் ஆன கதை

அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்வது என் வேலை. 299 ரூபாய், 28 நாள், தினமும் 1.5 ஜிபி. (விலைகள் கணக்குக்காகத்தான், உங்கள் பிளான் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) மொத்தம் 42 ஜிபி என்பதால் ஒரு ஜிபி ஏழு ரூபாய்தானே என்று நினைத்தேன்.

செட்டிங்ஸில் டேட்டா கணக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மற்ற நாட்களில் அம்மாவுக்கு அரை ஜிபிதான் செலவாகிறது. மிச்சம் நள்ளிரவோடு போய்விடும், மறுநாளைக்குச் சேராது. ஞாயிறன்று பேரனுடன் வீடியோ காலும் சினிமாவுமாக 2.5 ஜிபி வேண்டும். 1.5 தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், பேரன் முகம் உறைந்து நிற்கும். 'அன்லிமிடெட்' என்பதன் லட்சணம் இதுதான்! உடனே 20 ரூபாய்க்கு ஒரு ஜிபி கூடுதல் பேக்.

ஆக, 24 நாளுக்கு 12 ஜிபி, நான்கு ஞாயிறுக்கு 10 ஜிபி. செலவு 379 ரூபாய், ஜிபிக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல்.

தினசரி வரம்பில்லாத 30 நாள் பிளான் 355 ரூபாய்க்கு 25 ஜிபி தந்தால், அம்மாவுக்கு அதுவே மலிவு. 28 நாள் பிளானில் வருடத்துக்கு 13 ரீசார்ஜ் ஆகும் என்பதையும் மறக்காதீர்கள். தினமும் ஒரே அளவு பார்ப்பவருக்கு மட்டும் தினசரி பிளான் லாபம். அடுத்த ரீசார்ஜுக்கு முன் உங்கள் போனின் டேட்டா கணக்கை ஒருமுறை பாருங்கள்.